மூடாமல் நின்ற சுவர்: இதயத்தில் ஓட்டை எப்படி வருகிறது?

கரு உருவாகி ஐந்து வாரம் ஆனபோது நம் எல்லோருடைய இதயத்திலும் ஓட்டை இருந்தது. மேலறைகளுக்கு நடுவே ஒரு வழி, கீழறைகளுக்கு நடுவே ஒரு வழி. அந்த வழிகள் மட்டும் அப்போது அடைபட்டிருந்தால் இரத்தம் ஓடவேண்டிய பாதையில் ஓடியிருக்காது, கரு தங்கியிருக்காது. பிறகு ஒரு வழி கருவிலேயே மூடியது. இன்னொன்று பிறந்தபின் மூடியது. சில குழந்தைகளுக்கு இந்த வேலை முழுதாக முடிவதில்லை. அவர்களைத்தான் "இதயத்தில் ஓட்டை" என்று மருத்துவர் எக்கோ பார்த்துச் சொல்கிறார்.

உடனே வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாள், கிரகணத்தன்று வெளியே வந்தாளா, கனமாக எதையாவது தூக்கினாளா என்று கேள்விகள் எல்லாம் தாயை நோக்கியே வரும். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கிறது. அவற்றில் கீழறைகளுக்கு இடையிலான ஓட்டைதான் அதிகம் காணப்படுவது. அது எப்போது, எந்த இடத்தில் உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கேள்விகளில் பலவற்றுக்கு இடமே இல்லை என்பது புரியும்.

அறைகள் இல்லாத குழாய்

இங்கே சொல்லும் நாள்கணக்கு எல்லாம் கரு உருவான நாளிலிருந்து எண்ணுவது. மருத்துவமனையில் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவார்கள்; அந்தக் கணக்கு வேண்டுமானால் இதோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் கரு ஒரு தட்டையான தகடு. அதன் தலைப்பக்கத்தில் இதயமாகப் போகிற செல்கள் லாட வடிவில் கூடியிருக்கின்றன. லாடத்தின் இரு கைகளிலும் ஆளுக்கொரு மெல்லிய குழாய் உண்டாகிறது. தகட்டின் ஓரங்கள் உள்நோக்கி மடியும்போது இந்த இரண்டு குழாய்களும் நடுவில் நெருங்கி, ஒட்டி, ஒன்றாகிவிடுகின்றன. இதுதான் இதயக் குழாய். 22 அல்லது 23ஆம் நாளில் அது துடிக்கத் தொடங்குகிறது. அப்போது கருவின் நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். பல பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போய் ஏறத்தாழ ஒரு வாரம்தான் ஆகியிருக்கும்.

முழு இதயமும் இந்தக் குழாய்க்குள் சுருங்கி அடங்கியிருக்கிறது என்றுதான் நெடுங்காலம் பாடம் சொன்னார்கள். 2001இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தது வேறு. முதலில் உண்டாகும் குழாய் பெரும்பாலும் இடது கீழறையாகத்தான் ஆகிறது. வலது கீழறையும் இரத்தம் வெளியேறும் பாதையும், பின்னால் இருக்கும் வேறொரு செல் கூட்டத்திலிருந்து வந்து மேல்முனையில் சேர்கின்றன. மேலறைகளின் பெரும்பகுதி இதேபோல் கீழ்முனையில் சேர்கிறது. துடித்துக்கொண்டே இருக்கும் குழாய், இரு முனைகளிலும் நீண்டுகொண்டே போகிறது.

குழாய் நீள்கிறது, ஆனால் அதைச் சுற்றியுள்ள பை அந்த அளவுக்கு நீள்வதில்லை. இரு முனைகளும் பிடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே குழாய் வளைகிறது. 23ஆம் நாளிலிருந்து 28ஆம் நாளுக்குள் அது வலப்பக்கமாக வளைந்து, கீழே இருந்த மேலறைப் பகுதி பின்னாலும் மேலேயும் ஏறிக்கொள்கிறது. இரத்தம் உள்ளே வரும் முனையும் வெளியே போகும் முனையும் இப்போது அருகருகே வந்துவிட்டன. வெளிப்பார்வைக்கு இதயத்தின் உருவம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. உள்ளே மட்டும் இன்னும் ஒரே பாதைதான்.

கீழறைச் சுவர் ஏன் கடைசியில் மூடுகிறது?

நான்காம் வார முடிவில் இரத்தம் போகும் வழியைப் பின்தொடர்ந்து பார்ப்போம். மேலறையிலிருந்து ஒரே ஒரு வாய் வழியாக இறங்குகிறது. அந்த வாய் இடது கீழறைக்குள் திறக்கிறது. வெளியே போகும் பாதையோ வலது கீழறையிலிருந்துதான் கிளம்புகிறது. அப்படியானால் இடது கீழறைக்கு வந்த இரத்தம் வெளியேற ஒரே வழி, இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள திறப்பு. வலது கீழறைக்கு இரத்தம் வந்துசேரவும் அதுதான் வழி.

இதயத்தில் மிகுதியாகக் காணப்படும் ஓட்டைக்கான விளக்கம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்தத் திறப்பை அவசரப்பட்டு மூடமுடியாது. முதலில் மேலறையின் வாய் வலப்பக்கமாக விரிந்து, வலது கீழறைக்கும் நேர்வழி தரவேண்டும். வெளியேறும் பாதையின் ஒரு பாதி இடப்பக்கமாக நகர்ந்து, இடது கீழறைக்குமேல் வந்து அமரவேண்டும். இந்த இரண்டு நகர்வும் முடிந்த பிறகுதான் நடுவழி தேவையற்றதாகிறது. அதனால்தான் கீழறைச் சுவர் கடைசியில், ஏழாவது வார முடிவை ஒட்டி முழுமையடைகிறது.

அதுவரை மற்றப் பகுதிகள் சும்மா இருப்பதில்லை. இரண்டு கீழறைகளும் வெளிப்புறமாகப் புடைத்து வளர்கின்றன. அவற்றுக்கு நடுவே தரையிலிருந்து தசைச்சுவர் ஒன்று எழுகிறது. மேலே, மேலறைகளும் கீழறைகளும் சந்திக்கும் வாயில், முன்னும் பின்னுமாக இரண்டு திண்டுகள் உப்பிவருகின்றன. எண்டோகார்டியல் குஷன் என்று மருத்துவர்கள் சொல்வது இவற்றைத்தான். தொடக்கத்தில் இவை வெறும் கூழ். இதயத்தின் உள்பரப்புச் செல்கள் சில தம் வரிசையைவிட்டு அந்தக் கூழுக்குள் இறங்கி, திசுவாக மாற்றுகின்றன. இரண்டு திண்டும் நடுவில் ஒட்டிக்கொள்ளும்போது ஒற்றை வாய் வலம், இடம் என இரண்டாகிறது. வெளியேறும் பாதையிலும் இதேபோல் இரண்டு மேடுகள் முறுக்கிக்கொண்டு இறங்கி, அதை நுரையீரல் தமனி, பெருந்தமனி என்று பிரிக்கின்றன. நரம்பு மண்டலம் உண்டாகும் இடத்திலிருந்து கிளம்பி வந்த செல்களும் இந்த மேடுகளில் கலந்திருக்கின்றன.

கடைசியில் மிஞ்சுவது தசைச்சுவரின் உச்சிக்குமேல் உள்ள ஒரு சிறு இடைவெளி. அதை மூடத் தசைச்சுவர் மேலே வளர்வதில்லை. பின்திண்டின் திசுவும், வெளிப்பாதையின் இரண்டு மேடுகளின் அடிப்பகுதியும் மூன்று பக்கமிருந்து வந்து அங்கே ஒட்டவேண்டும். ஒட்டியபின் கிடைப்பது சில மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய சவ்வு. நான்கு வெவ்வேறு பகுதிகள், ஒவ்வொன்றும் வேறு இடத்திலிருந்து வந்தவை, சரியான நாளில் சரியான அளவில் அந்தப் புள்ளியில் கூடவேண்டும். ஒன்று சற்றுக் குட்டையாக நின்றாலும், சற்று விலகி வந்தாலும் இடைவெளி அப்படியே நின்றுவிடும். சவ்வை ஒட்டிய இந்த ஓட்டைக்குப் பெரிமெம்ப்ரனஸ் வி.எஸ்.டி. என்று பெயர். அறுவை சிகிச்சை வரை வரும் கீழறை ஓட்டைகளில் பெரும்பாலானவை இவைதான்.

தசைச்சுவருக்குள்ளேயே வரும் ஓட்டைகளின் கதை வேறு. அந்தச் சுவர் தொடக்கத்தில் கெட்டியான தசை அல்ல; வலைபோன்ற தசை இழைகள் இறுகி இறுகித்தான் சுவராகின்றன. சரியாக இறுகாத இடத்தில் துளை நிற்கிறது. பிறந்த பிறகும் தசை வளர்வதால் இவற்றில் பெரும்பாலானவை தாமாகவே அடைபட்டுவிடும். 1995இல் வெளியான ஓர் இஸ்ரேல் ஆய்வில், பிறந்த குழந்தைகளுக்கு வரிசையாக எக்கோ எடுத்தபோது ஆயிரத்துக்கு 50 பேர் அளவில் இத்தகைய துளை இருந்தது. பத்து மாதத்துக்குள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது மூடிவிட்டன.

திறந்தே இருக்கவேண்டிய மேலறைச் சுவர்

மேலறைகளின் சுவருக்கு இன்னும் சிக்கலான ஒரு கட்டளை இருக்கிறது. சுவர் கட்டப்படவேண்டும், ஆனால் பிறக்கும்வரை இரத்தம் அதைக் கடந்து போய்க்கொண்டும் இருக்கவேண்டும். கருவில் நுரையீரல் வேலை செய்வதில்லை. ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் நஞ்சுக்கொடியிலிருந்து வலது மேலறைக்கு வருகிறது. அது இடப்பக்கம் போனால்தான் மூளைக்கும் இதயத் தசைக்கும் கிடைக்கும்.

இதற்கு உடல் கண்டுபிடித்த வழி, ஒரு சுவருக்குப் பதில் இரண்டு சுவர். நான்காம் வார இறுதியில் மேலறையின் கூரையிலிருந்து மெல்லிய முதல் சுவர் திண்டுகளை நோக்கி இறங்குகிறது. சுவருக்கும் திண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். அது முற்றிலும் அடைபடுவதற்குமுன் சுவரின் மேல்பகுதியில் செல்கள் திட்டமிட்டு மடிந்து புதிய துளைகள் உண்டாகின்றன. அவை சேர்ந்து ஒரே திறப்பாகின்றன. கீழ்வழி மூடும் நேரத்தில் மேல்வழி திறந்துவிடுவதால் ஓட்டம் தடைபடுவதில்லை. பிறகு வலப்பக்கத்தில் கூரை உள்நோக்கி மடிந்து, தடிப்பான இரண்டாவது சுவர் இறங்குகிறது. அது முதல் சுவரின் மேல்திறப்பை மறைத்துவிட்டு, தன் கீழ்ப்பகுதியில் ஒரு நீள்வட்ட வழியை விட்டுவைக்கிறது.

இரண்டு சுவர்களின் திறப்புகளும் நேருக்கு நேர் இல்லை. வலப்பக்க அழுத்தம் கூடுதலாக இருக்கும்வரை இரத்தம் மெல்லிய சுவரை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு இடப்பக்கம் போகிறது. குழந்தை பிறந்து முதல் மூச்சு எடுத்ததும் நுரையீரலிலிருந்து இரத்தம் இடது மேலறைக்குப் பாய்கிறது. அங்கே அழுத்தம் ஏறுகிறது. மெல்லிய சுவர் தடிப்பான சுவரோடு அமுங்கிக்கொள்கிறது. வழி அடைபட்டது. நாளடைவில் இரண்டும் ஒட்டிப்போகும். நால்வரில் ஒருவருக்கு முழுதாக ஒட்டாமலே இருந்துவிடுவதும் உண்டு. பெரும்பாலும் அதனால் தொல்லை ஏதுமில்லை. சுவர்கள் இரண்டும் போதிய அளவில் இருக்கின்றன, ஒட்டவில்லை என்பதுதான் அங்கே குறை.

உண்மையான மேலறை ஓட்டையில் குறை வேறு. முதல் சுவரில் தேவைக்குமேல் செல்கள் மடிந்து திறப்பு அகலமாகிவிட்டது, அல்லது இரண்டாவது சுவர் குட்டையாக நின்றுவிட்டது. அமுங்கினாலும் மறைக்கப் போதிய திசு இல்லை. மேலறை ஓட்டைகளில் நான்கில் மூன்று அளவில் இந்த வகைதான். திண்டுகளே ஒட்டாமல் போனால் கீழ்வழி மூடாது. கூடவே வால்வுகளும், சில நேரம் கீழறைச் சுவரும் பாதிக்கப்படும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது இந்த வகை. அதனால்தான் அக்குழந்தைகள் எல்லோருக்கும் பிறந்தவுடன் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள்.

ஆறு வாரக் குழந்தை ஒன்று

கீழறை ஓட்டை வெளியே எப்படித் தெரியவரும்? வழக்கமாகக் காணக்கூடிய ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். பிறந்தபோது 2.9 கிலோ. இரண்டாம் நாள் மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், எந்தச் சத்தமும் இல்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறாவது வாரம் தடுப்பூசிக்கு வந்தபோது எடை 3.2 கிலோ, நாளுக்கு 20, 30 கிராம் ஏறியிருந்தால் கிட்டத்தட்ட நான்கு கிலோ இருக்கவேண்டும். பால் குடிக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறது. நெற்றி வியர்க்கிறது. நிமிடத்துக்கு மூச்சு 66. இந்த வயதில் 60ஐத் தாண்டக்கூடாது. மார்பின் இடப்பக்கம் இப்போது தெளிவாக மர்மர் கேட்கிறது. எக்கோவில் சவ்வை ஒட்டி 6 மில்லிமீட்டர் ஓட்டை. இடது மேலறையும் இடது கீழறையும் வீங்கியிருக்கின்றன.

"பிறந்தப்ப நல்லாத்தானே சார் இருந்துச்சு?" என்று பெற்றோர் கேட்பார்கள். ஓட்டை அன்றும் இருந்தது. ஆனால் பிறந்த குழந்தையின் நுரையீரல் இரத்தக் குழாய்கள் இன்னும் இறுக்கமாக இருப்பதால், வலது கீழறையிலும் அழுத்தம் அதிகம். இருபுறமும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் ஓட்டை வழியே பெரிதாக ஒன்றும் ஓடாது, சத்தமும் வராது. நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் அந்தக் குழாய்கள் தளர்கின்றன, வலப்பக்க அழுத்தம் இறங்குகிறது. அப்போதுதான் இடது கீழறை இரத்தத்தில் ஒரு பங்கு ஓட்டை வழியே நுரையீரலுக்கும், அங்கிருந்து மறுபடி இடப்பக்கத்துக்கும் வீணாகச் சுற்றத் தொடங்குகிறது. நுரையீரல் நனைந்து கனக்கிறது, மூச்சு வாங்குகிறது. இரண்டு மடங்கு வேலை இடது அறைகளுக்கு விழுவதால் வீங்குவதும் அவைதான்.

சத்தம் பெரிதாகக் கேட்டால் ஓட்டையும் பெரிது என்று பயப்படவேண்டாம். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் சீறிக்கொண்டு அடிக்குமே, அதுபோலச் சின்ன ஓட்டைதான் பலத்த சத்தம் போடும். எடை நன்றாக ஏறி, மர்மர் மட்டும் பலமாகக் கேட்கும் குழந்தை பெரும்பாலும் சின்ன ஓட்டைக் குழந்தை.

நாம் எடுத்துக்கொண்ட குழந்தைக்கு முதலில் நீர் பிரிக்கும் மருந்தும், கலோரி கூட்டிய உணவும் தருவார்கள். எடை ஏறத் தொடங்கினால் பொறுத்துப் பார்க்கலாம். பக்கத்து வால்வின் திசு ஓட்டையின்மேல் ஒட்டிக்கொண்டு அதைச் சுருக்கிவிடுவதும் உண்டு. எடை ஏறாவிட்டால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை. பெரிய ஓட்டையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடக்கூடாது. அளவுக்கு மீறிய இரத்தம் பாய்ந்து பாய்ந்து நுரையீரல் குழாய்களின் சுவர் தடித்துவிடும்; அழுத்தம் தலைகீழாகி, கெட்ட இரத்தம் இடப்பக்கம் வந்து உடல் நீலம் பாரிக்கும். வியன்னா மருத்துவர் விக்டர் ஐசன்மெங்கர் 1897இல் 32 வயது ஆண் ஒருவரிடம் விவரித்த நிலை இதுதான். அந்தக் கட்டத்தில் ஓட்டையை அடைப்பதே உயிருக்கு ஆபத்து.

ஓட்டையின் விளிம்பில் ஓடும் மின்கம்பி

கருவில் நடந்தது அறுவை மேசைவரை தொடர்ந்து வருகிறது. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கொண்டுசெல்லும் தசைக்கற்றை, கருவில் தசைச்சுவரின் உச்சியில்தான் உருவாகிறது. கடைசியாக மூடவேண்டிய இடைவெளியின் அடிவிளிம்பு அந்த உச்சிதான். ஆகவே ஓட்டை நின்றுவிட்ட குழந்தையில் அந்தக் கற்றை ஓட்டையின் பின்பக்க, கீழ் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. கண்ணுக்குத் தனியாகத் தெரியாது.

1954 மார்ச்சில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லெஹை ஒரு வயதுக் குழந்தையின் கீழறை ஓட்டையைத் திறந்து தைத்தார். இதய-நுரையீரல் இயந்திரம் கைக்கு வராத நேரம். தந்தையின் உடலோடு குழந்தையின் இரத்த ஓட்டத்தை இணைத்துச் செய்தார்கள். தையல் நின்றது, ஆனால் 11 நாள் கழித்து நிமோனியாவில் அக்குழந்தை இறந்தது. அடுத்தடுத்த குழந்தைகள் பிழைத்தார்கள். கூடவே புதிய இடர் ஒன்று தலைகாட்டியது. சில குழந்தைகளுக்கு ஊசி அந்தக் கற்றையில் பட்டு, மேலறைத் துடிப்பு கீழறைக்குச் சேராமல் நின்றுபோனது. அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றத்தான் 1957இல் ஏர்ல் பாக்கன் பாட்டரியில் இயங்கும், உடலில் அணியக்கூடிய பேஸ்மேக்கரைச் செய்துகொடுத்தார். கற்றையின் பாதை பின்னர் தெளிவாக வரையறுக்கப்பட்டது. இன்று அறுவை மருத்துவர் வலது மேலறை வழியாக உள்ளே போய், அந்த விளிம்புக்கு வரும்போது ஓரத்திலிருந்து சற்று விலகி, வலப்பக்கப் பரப்பில் ஆழமில்லாமல் தைக்கிறார்.

யார் மேல் தவறு?

சிலருக்குக் காரணம் தெரிகிறது. மேலறை ஓட்டையோடு கை, கட்டைவிரல் குறைபாடும் சேர்ந்து வரும் குடும்பங்களில் டி.பி.எக்ஸ்.5 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது 1997இல் தெரிந்தது. தாய்க்குக் கட்டுப்படாத சர்க்கரை நோய், கர்ப்பத் தொடக்கத்தில் ருபெல்லா அம்மை, மது ஆகியவையும் இடரைக் கூட்டுகின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒற்றைக் காரணம் என்று எதையும் காட்டமுடிவதில்லை. ஒரு குழந்தைக்கு இருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று.

சுவர் வேலை எட்டாவது வாரத்துக்குள், அதாவது மருத்துவமனைக் கணக்கில் பத்தாவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆறாம் மாதம் தூக்கிய குடமும், ஏழாம் மாதம் பார்த்த கிரகணமும் முடிந்துபோன சுவரில் ஓட்டை போடமுடியாது. அதே காரணத்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், ருபெல்லா தடுப்பூசியும் கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் தாமதம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே செய்யவேண்டியவை.

18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் பெரிய கீழறை ஓட்டையும் திண்டுகளின் குறையும் தெரியும். சின்னக் கீழறை ஓட்டை தப்பிவிடலாம். மேலறை ஓட்டையின் பொதுவான வகையை வயிற்றிலேயே உறுதிப்படுத்துவது பெரும்பாலும் முடியாது, ஏனென்றால் அங்கே வழி திறந்திருப்பதுதான் இயல்பு. அந்த ஓட்டை குழந்தைப் பருவத்திலும் அதிகம் தொல்லை தராது. முப்பது வயதில் படியேறும்போது மூச்சுவாங்கி முதல்முறையாகத் தெரியவருபவர்களும் இருக்கிறார்கள்.

எக்கோ அறிக்கை கைக்கு வந்ததும் "எவ்வளவு பெரியது" என்பதோடு "எந்த இடத்தில்" என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். தசைச்சுவருக்குள் என்றால் தானாக மூடும் வாய்ப்பு அதிகம். சவ்வை ஒட்டி என்றால் சில மூடும், சில மூடாது. எடையையும் எக்கோவையும் பார்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மேலறைச் சுவரின் நடுவில் என்றால், சிறியது மூடலாம். பெரியதாக இருந்து ஓரங்களும் போதுமானால் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கருவி வைத்தே அடைக்கலாம். திண்டுகள் சேராத இடத்தில் என்றால் தானாக மூடாது, அறுவை சிகிச்சைதான். இதய அறைகள் வீங்கியிருக்கின்றனவா, நுரையீரல் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.